பெரியப்பாவின் சன்ஸ்கிரீன்: எவ்வளவு பூசினால் அது வேலை செய்யும்?

வெயிலைத் தடுக்கும் அளவாக எஸ்.பி.எஃப். 50 என்று அச்சடித்த சன்ஸ்கிரீன் டியூபை வாங்கி வந்து, அதில் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தேய்ப்பவருக்கு அந்த ஐம்பது கிடைப்பதில்லை. பத்து, பன்னிரண்டு கிடைத்தாலே பெரிது. என் பெரியப்பா இதைப் புரிந்துகொள்ள ஒரு டியூப் தீர வேண்டியிருந்தது. சரியாகச் சொன்னால், தீராமல் இருக்க வேண்டியிருந்தது.

பெரியப்பாவுக்கு வயது எழுபத்து நான்கு. தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். உப்பு வாருகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து விடியுமுன்பே பாத்தியில் இறங்கி, வெயில் ஏறும் நேரத்தில் கரையேறப் பார்ப்பார்கள். கணக்கப்பிள்ளைக்கு அப்போதுதான் வேலை சூடு பிடிக்கும். லாரி வரும், அம்பாரத்திலிருந்து மூட்டை ஏறும், ஒவ்வொன்றையும் நின்று எண்ண வேண்டும். மேலே சூரியன், காலடியில் கண் கூசும் வெள்ளை உப்பு. தலைக்குத் துண்டு கட்டினாலும் கீழிருந்து திரும்பி வரும் வெளிச்சம் மூக்கையும் கன்னத்தையும் விடாது. அப்படியே முப்பது வருடத்துக்கு மேல் ஓடியது.

புள்ளி வந்தது மூக்கின் இடது பக்கத்தில், கன்னம் தொடங்கும் மடிப்பில். முதலில் கறுப்பு மரு போல இருந்தது. வயதானவர்களுக்கு முகத்தில் மரு வருவது புதிதா என்ன? யாரும் கவலைப்படவில்லை. அப்புறம் சவரம் செய்யும்போதெல்லாம் அதில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. பொருக்கு கட்டும், ஒரு வாரத்தில் உதிரும், ஆறிவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி கசியும். பெரியம்மா மஞ்சள் வைத்தார், தேங்காய் எண்ணெய் வைத்தார். மாதங்கள் போயின. மிளகு அளவில் இருந்தது உளுந்து அளவாகி, நடுவில் சிறு பள்ளம் விழுந்தது. தோலை இழுத்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் ஓரம் மட்டும் சற்றே உயர்ந்து பளபளப்பாகத் தெரிந்தது.

தோல் மருத்துவர் டெர்மோஸ்கோப் என்ற, விளக்கு வைத்த சின்ன பூதக்கண்ணாடியை அதன் மேல் வைத்துப் பார்த்தார். பார்த்து முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஐயா, வெயிலில் வேலை பார்த்தீர்களா?"

சந்தேகப்பட வைத்தவை இரண்டு. ஒன்று, ஆறுவதும் திரும்பக் கசிவதுமாக மாதக்கணக்கில் நிற்கும் புண். இன்னொன்று, அந்தப் பளபளப்பான ஓரம். இரண்டும் சேர்ந்தால் பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோயை நினைக்க வேண்டும். வெள்ளைத் தோலில் இது பெரும்பாலும் இளஞ்சிவப்பாக இருக்கும். நம் தோலில் பல சமயம் கறுப்பாக வருவதால்தான் மரு என்று நினைத்து ஏமாந்துபோகிறோம். இது மெதுவாக வளரும், உடம்பின் வேறு பாகங்களுக்குப் பரவுவது மிக மிக அரிது. ஆனால் இருக்கிற இடத்தை அரித்துக்கொண்டே போகும். மூக்கோரத்தில் விட்டுவைத்தால் குருத்தெலும்பு வரைக்கும் இறங்கிவிடும்.

எடுத்தது பெரிய அறுவை சிகிச்சை இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, புள்ளியைச் சுற்றி நாலு மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து வெட்டி எடுத்து, தையல் போட்டார்கள். சுற்றிலும் ஏன் நல்ல தோலை எடுக்க வேண்டும் என்றால், கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்கு அப்பாலும் நோயுள்ள செல்கள் போயிருக்கலாம். வெட்டிய துண்டு திசுப் பரிசோதனைக்குப் போனது. பேசல் செல் கார்சினோமாதான், வெட்டிய விளிம்புகளில் எதுவும் மிச்சமில்லை என்று அறிக்கை வந்தது. அந்தக் கடைசி வரியைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது.

தையல் பிரித்த அன்று மருத்துவர் சன்ஸ்கிரீன் எழுதிக் கொடுத்தார். காயம் முழுதாக மூடிய பிறகு தினமும் பூச வேண்டும், வெளியே போனால் அகன்ற விளிம்புள்ள தொப்பி வேண்டும் என்றார். பெரியப்பா அங்கே தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் என்னிடம் பாய்ந்தார்.

"அதான் வெட்டி எடுத்தாச்சுல்லா? இனிம எதுக்குல கிரீமு? இந்த வயசுல நான் என்ன மாப்பிள்ளையா?"

நியாயமான கேள்விதான். பதில் தோலுக்குள் இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோல் செல்லின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும். செல் அதைப் பெரும்பாலும் சரிசெய்துகொள்ளும். எப்போதாவது தவறு நிற்கும். அந்தத் தவறுகள் பல வருடங்களாகச் சேர்ந்து, ஏதோ ஒரு செல் கட்டுப்பாடில்லாமல் பெருக ஆரம்பிக்கும்போதுதான் இப்படி ஒரு புள்ளி வருகிறது. இடது மூக்கோரத்தில் வந்ததை எடுத்தாயிற்று. ஆனால் அதே முப்பது வருட வெயிலை வாங்கிய வலது கன்னம், நெற்றி, காது மடல், பின்கழுத்து எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. அதனால்தான் ஒரு முறை இது வந்தவருக்கு இன்னொன்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பழைய சேதத்தை சன்ஸ்கிரீன் அழிக்காது. மேலே மேலே சேர்வதைக் குறைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை.

எப்படிக் குறைக்கிறது என்பதற்குத்தான் டியூபில் அந்த எண். நம்மை அடையும் புற ஊதாக் கதிரில் இரண்டு வகை உண்டு. யு.வி.பி. என்பது தோலைச் சிவக்க வைத்துப் பொசுக்குவது. யு.வி.ஏ. அதைவிட ஆழமாக இறங்குவது, கருமைக்கும் சுருக்கத்துக்கும் இதற்குப் பெரிய பங்கு உண்டு. எஸ்.பி.எஃப். முக்கியமாகச் சொல்வது முதல் வகையைப் பற்றி. எஸ்.பி.எஃப். 30 என்றால் தோலைச் சிவக்க வைக்கும் கதிரில் முப்பதில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு மூன்று சொச்சம் உள்ளே போகும். 50 என்றால் நூற்றுக்கு இரண்டு. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் கடைக்காரர் சொல்கிற அளவுக்குப் பெரிதில்லை. யு.வி.ஏ.வுக்குத் தனியாக பி.ஏ. என்று போட்டு, பக்கத்தில் கூட்டல் குறிகள் இருக்கும். மூன்று அல்லது நான்கு குறி இருந்தால் நல்லது.

எஸ்.பி.எஃப். 30 பூசினால் முப்பது மடங்கு நேரம் வெயிலில் நிற்கலாம் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். காலை எட்டு மணி வெயிலும் பன்னிரண்டு மணி வெயிலும் ஒன்றா? அதோடு பூசியது வியர்வையிலும் துண்டிலும் போய்க்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கை மறந்துவிடலாம்.

பெரியப்பா முதல் நாள் பூசிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது பெரியம்மா சிரித்த சிரிப்பில் கிரீம் அன்றோடு நின்றிருக்க வேண்டும். மாநிறத்துக்கும் அதிகமான கறுப்பு அவர். அந்த டியூபில் இருந்தது துத்தநாக ஆக்சைடு. அது வெள்ளைத் தூள், தோலின் மேல் படலமாக உட்கார்ந்து கதிரைத் தடுக்கும் சாதி. முகம் முழுக்க விபூதி பூசிய மாதிரி ஆகிவிட்டது. மருத்துவரிடம் சொன்னதும் வேறொன்று மாற்றிக் கொடுத்தார். அது நிறம் தெரியாத, கதிரை உறிஞ்சிக்கொள்ளும் ரசாயன வகை. அது வெள்ளை காட்டவில்லை, ஆனால் வியர்த்தபோது நெற்றியிலிருந்து வழிந்து கண் எரிந்தது. கடைசியில் தோல் நிறத்துக்கு ஏற்ப இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமூட்டிய துத்தநாக வகை ஒத்துப்போனது. கறுப்புத் தோலுக்கு சன்ஸ்கிரீன் வாங்குகிறவர்கள் எஸ்.பி.எஃப். 30-க்கு மேல் எண்ணைத் துரத்துவதைவிட, தினமும் மனம் கூசாமல் பூசிக்கொள்ள முடிகிற ஒன்றைத் தேடுவதே மேல் என்பது என் கட்சி.

சரி, பூச ஆரம்பித்துவிட்டார். தினமும் குளித்து, சாமி கும்பிட்டு, பூசிக்கொண்டுதான் மார்க்கெட்டுக்குப் போவார். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் டியூபைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பெரியப்பா பெருமையாக எடுத்து நீட்டினார். ஐம்பது கிராம் டியூப், அடியில் இன்னும் கொஞ்சம் மிச்சம்.

"ஐயா, இது எப்போது வாங்கியது?"

"நீங்க எழுதிக் குடுத்த மறுநாளே வாங்கியாச்சு டாக்டர். ஒரு நாள் விடல."

"அப்படியென்றால் நீங்கள் பூசவில்லை. தொட்டுக்கொண்டிருக்கிறீர்கள்."

கணக்கப்பிள்ளைக்கு இது சுருக்கென்று பட்டது. மருத்துவர் ஒரு தாளை எடுத்துக் கணக்கைப் போட்டுக் காட்டினார், அதுதான் அவரை மாற்றியது. ஆய்வகத்தில் எஸ்.பி.எஃப். எண்ணை அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு இரண்டு மில்லிகிராம் என்ற கணக்கில் பூசித்தான் அளக்கிறார்கள். பெரியப்பாவின் முகம், காது, கழுத்து, முடி கொட்டிய முன்மண்டை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஆயிரம் சதுர சென்டிமீட்டர் வரும். ஆயிரத்தை இரண்டால் பெருக்கினால் இரண்டாயிரம் மில்லிகிராம், அதாவது ஒரு வேளைக்கு இரண்டு கிராம். ஐம்பது கிராம் டியூப் இருபத்தைந்து நாளில் காலியாகியிருக்க வேண்டும். தொண்ணூறு நாள் வந்திருக்கிறது என்றால் நாளுக்கு அரை கிராம்தான் போயிருக்கிறது. தேவையில் கால் பங்கு.

கால் பங்கு பூசினால் பாதுகாப்பும் ஏறத்தாழ அதே போக்கில் விழும். ஐம்பது என்ற எண் பன்னிரண்டுக்குப் பக்கத்திலோ அதற்கும் கீழேயோ வந்துவிடும். போதாததற்கு மெல்லிய பூச்சு சீராக இருக்காது. கன்னத்தில் கொஞ்சம், காதில் ஒன்றுமில்லை என்று திட்டுத் திட்டாக நிற்கும். சன்ஸ்கிரீன் பூசியும் பலன் இல்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோருடைய சிக்கல் இதுதான் என்று மருத்துவர் சொன்னார். தினமும் பூசுகிறவரா நீங்கள்? டியூப் வாங்கிய தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள். எப்போது தீர்கிறது என்று பார்த்தால் போதும், வேறு சோதனை வேண்டாம்.

தினமும் காலையில் தராசு வைத்து அளக்க முடியாது. அதற்கு ஒரு கைவழி இருக்கிறது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரை ஒவ்வொரு கோடு பிதுக்க வேண்டும். இரண்டு கோடும் சேர்ந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஆகும். பெரியப்பா மாதிரி முன்மண்டையில் முடி இல்லாதவர்கள் இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டும். பார்க்கும்போது, இவ்வளவா என்றுதான் இருக்கும். ஒரே தடவையில் தேய்த்தால் வழுவழுவென்று நிற்கும் என்பதால் முதலில் ஒரு விரல் கோட்டைப் பூசி, இரண்டு நிமிடம் விட்டு அடுத்ததைப் பூசச் சொன்னார் மருத்துவர். அப்படிச் செய்தால் முதல் தடவை விட்ட இடம் இரண்டாவதில் மூடிக்கொள்ளும். தேய்த்து உள்ளே இறக்க வேண்டியதில்லை, பரப்பிவிட்டு விட்டுவிட வேண்டும். படலம் சீராகப் படிய வெளியே கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூச வேண்டும்.

எல்லோரும் விடுகிற இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: காது மடலின் மேல் ஓரம், காதுக்குப் பின்புறம், பின்கழுத்து, மூக்கின் இரு பக்க மடிப்பு, கண்ணாடி போடுகிறவர்களுக்கு அதன் சட்டத்துக்குக் கீழே. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டேதான் பூசிக்கொண்டிருந்தார். அவருக்குப் புள்ளி வந்த மடிப்பு அந்தச் சட்டத்துக்குச் சற்றுக் கீழேதான். இப்போது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காதைச் சரிபார்க்கச் சொல்கிறார்.

செலவுதான் அடுத்த சண்டை. ஐந்நூறு ரூபாய் டியூப் இருபத்தைந்து நாளில் தீர்ந்தால் நாளுக்கு இருபது ரூபாய். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும், வியர்த்து முகம் துடைத்தால் அதற்கு முன்பே. அப்படிப் பூசினால் செலவு எங்கேயோ போய்விடும். இங்கேதான் தொப்பி வருகிறது. நாலாப் பக்கமும் அகன்ற விளிம்புள்ள தொப்பி போட்டால் மண்டைக்குக் கிரீம் வேண்டாம், காதுக்கும் கழுத்துக்கும் பாதி பாதுகாப்பு கிடைத்துவிடும். முழுக்கைச் சட்டை போட்டால் கைக்கும் வேண்டாம். கிரிக்கெட் தொப்பி இதற்கு உதவாது, அது காதை மூடாது. குடையும் நல்லதுதான், ஆனால் தரையிலிருந்து திரும்பும் கதிரைத் தடுக்காது என்பது அளத்தில் நின்றவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துணியும் நிழலும் முதலில், அவை எட்டாத இடத்துக்குக் கிரீம். இந்த வரிசையில் போனால் காசும் மிச்சம்.

எப்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதற்கு பெரியப்பா மிகவும் ரசித்தது நிழல் கணக்கு. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் பலமாக இருக்கிறது என்று பொருள். தூத்துக்குடியில் தோராயமாகக் காலை ஒன்பதரை முதல் மதியம் மூன்று மணி வரை அப்படித்தான் இருக்கும். கைபேசியில் வானிலை பார்க்கிறவர்கள் யு.வி. குறியீடு என்று ஓர் எண்ணைப் பார்க்கலாம். மூன்றும் அதற்கு மேலும் இருந்தால் பாதுகாப்பு வேண்டும். இந்தப் பக்கம் கோடையில் நண்பகலில் அது பதினொன்றைத் தாண்டுவது சாதாரணம். மேகம் மூடியிருந்தாலும் கதிரில் கணிசமான பங்கு இறங்கும். சூட்டை வைத்து இதை எடைபோடக் கூடாது, கடற்காற்று வீசினால் வெயில் சுடாது, ஆனால் கதிர் குறைவதில்லை. பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி யு.வி.பி.யைப் பெரும்பாலும் நிறுத்திவிடும், யு.வி.ஏ.வில் ஒரு பங்கை உள்ளே விடும்.

இதையெல்லாம் கேட்டு முடித்த பிறகும் பெரியப்பா ஒரு கேள்வியை வைத்திருந்தார். "இதப் பூசினா திரும்ப வராதுன்னு எழுதித் தருவாரா?"

தர மாட்டார். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நம்போர் என்ற ஊரில் 1992-ல் ஒரு பெரிய சோதனை தொடங்கினார்கள். 1,600-க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதியினரைத் தலை, கழுத்து, கைகளில் தினமும் பூசச் சொன்னார்கள், மறு பாதியினரை அவரவர் வழக்கப்படி விட்டுவிட்டார்கள். நாலரை வருட முடிவில், தினமும் பூசியவர்களுக்கு ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்ற இன்னொரு வகைத் தோல் புற்றுநோய்க் கட்டிகள் ஏறத்தாழ நாற்பது சதவீதம் குறைந்திருந்தன. பெரியப்பாவுக்கு வந்த பேசல் செல் வகையிலோ தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. அந்த வகைக்கான சேதம் பல வருடம் முன்பே விழுந்துவிடுகிறது, நாலரை வருடம் அதற்குப் போதாமல் இருந்திருக்கலாம் என்பது மருத்துவரின் விளக்கம். அதோடு அந்தச் சோதனை நடந்தது வெள்ளைத் தோல்காரர்கள் நிறைந்த ஊரில். நம் தோலுக்குக் கருமை தரும் மெலனின் என்ற நிறமி ஓரளவு இயற்கையாகவே காப்பதால் நமக்கு இந்த நோய்கள் குறைவாகவே வருகின்றன. அதனால் தமிழ்நாட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் நாளுக்கு இருபது ரூபாய் செலவழித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு முறை வந்துவிட்டவர் கதை வேறு. அவருடைய தோல், மெலனின் காத்த எல்லையைத் தாண்டிவிட்டது என்று ஏற்கெனவே காட்டிவிட்டது.

வைட்டமின் டி பற்றியும் பெரியப்பா கேட்டார். வெயிலை ஒதுக்கினால் எலும்பு போய்விடாதா என்று. ரத்தத்தில் அளவு பார்த்தார்கள், குறைவாக இருந்தது. அளத்து வேலையை விட்டு வீட்டோடு இருக்கிற வயதானவருக்கு அது குறைவாக இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதற்காக முகத்தை வெயிலில் காட்ட வேண்டாம் என்றார்.

இப்போது மாதம் ஒரு நாள் குளித்து முடித்ததும் பெரியம்மா அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து முகம், மண்டை, காது, கழுத்து எல்லாவற்றையும் பார்க்கிறார். தேடுவது மூன்று: நாலு வாரமாகியும் ஆறாத புண், புதிதாக வந்து வளர்கிற மேடு அல்லது கறுப்புப் புள்ளி, தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று நிற்கும் திட்டு. எதுவாவது கண்ணில் பட்டால் மஞ்சள் வைக்காமல் நேரே மருத்துவரிடம் போக வேண்டும் என்பது ஏற்பாடு. எதுவும் இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவர் பார்ப்பார். டியூபை வெயில் படும் ஜன்னல் மேடையிலோ ஸ்கூட்டர் பெட்டியிலோ வைக்காமல் அலமாரிக்குள் வைக்கிறார்கள், சூடு பட்டால் மருந்து கெட்டுவிடும். போன டியூப் இருபத்தேழு நாள் வந்தது. அந்த இரண்டு நாள் எங்கே போயின என்று பெரியப்பா கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.